மாரீஸ்வரி எழுதிய இரண்டு பக்கம்

மாரீஸ்வரிக்குக் குழப்பம் புதிதல்ல. பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காருவது என்பதற்கே பத்து நிமிடம் யோசிப்பாள். ஆனால் இந்த முறை நானும் அவளோடு சேர்ந்து குழம்பினேன். இருவரும் தேனியில் எம்.ஏ. வரலாறு கடைசி ஆண்டு. கம்பம்மேடு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வேடு. அப்படிப் போனவர்கள் அவளுடைய ஊரான காமயகவுண்டன்பட்டியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் எடுத்த தலைப்பு.

இரண்டு பக்கம்தான் பாக்கி. ஆய்வில் பட்ட சிரமங்கள், கிடைக்காத சான்றுகள் பற்றி அவளே திரும்பிப் பார்த்து எழுத வேண்டும். எழுதிக்கொண்டு போனதை வழிகாட்டி வின்சென்ட் சார் திருப்பி நீட்டினார்.

"பதிவேட்டைக் கரையான் அரிச்சிருச்சு, ஆபீஸ்ல அலைய விட்டாக... இது புலம்பல்மா. எது கிடைக்கல, அதனால உன் முடிவு எங்க பலவீனமாச்சு, நீ எதைச் செய்யத் தவறின? அதை எழுது. வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம குறைய நாமளே எழுதிக் குடுத்தா மார்க்க வெட்ட மாட்டாகளா அனிதா?"

"மொதல்ல எது கெடைக்கலன்னு பாப்போம்" என்றேன்.

சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கரையானுக்குத் தப்பிக் கிடைத்த ஒரே தோட்ட வருகைப் பதிவேட்டில் பெண்களுக்குப் பெயரே இல்லை. 'பெண்கள் 14' என்று தலைக்கணக்கு மட்டும். அதனால்தான் பதினோரு பெண்களைப் பேட்டி எடுத்து, மூன்றாம் இயல் முழுக்க 'பெண்கள் கூறுகின்றனர்' என்று எழுதியிருந்தாள். செல்போனில் அவர்களில் ஒருவரான சுருளியம்மாளின் பேட்டியைப் போட்டோம். பேசியது முழுக்க அவர் மகன் தங்கபாண்டி. அம்மா மேட்டுக்குப் போன காலத்தில் அவர் தொட்டிலில் கிடந்திருப்பார். நான் சிரித்துவிட்டேன்.

இருபதாவது நிமிடத்தில் சுருளியம்மாளின் குரல் கேட்டது. "ஒருநா மேட்டுல எங்கள மட்டும் ஜீப்ப விட்டு எறக்கிவிட்டாக தாயி, அப்ப நான்..."

உடனே மாரீஸ்வரியின் குரல். "இருங்க ஆத்தா, அண்ணன் சொல்லி முடிக்கட்டும்."

சுருளியம்மாள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. மாரீஸ்வரி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனோம். சுருளியம்மாள் பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"எத்தனையோ நா எறக்கிவிட்டாக. அன்னைக்கு எதச் சொல்ல வந்தேனோ, நெனப்பு வரலையே. அப்பவே கேட்டிருக்கலாம்ல தாயி?"

திரும்பி வரும் பஸ்ஸில் மாரீஸ்வரி அழுதாள். "இதச் சான்று கெடைக்கலன்னு எழுதவா, என் தப்புன்னு எழுதவா?" என்றாள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதிப் பதிவுகளையும் கேட்டுவிட்டு, மூன்றாம் இயலில் ஏழு இடங்களில் 'பெண்கள்' என்பதை 'மகன்களும் கணவர்களும்' என்று திருத்தினாள். வெள்ளிக்கிழமை கொடுத்த இரண்டு பக்கத்தில் கரையான் இல்லை, அலைச்சல் இல்லை. முதல் பத்தி இப்படி இருந்தது:

'தோட்டப் பதிவேட்டில் இப்பெண்களின் பெயர்கள் இல்லை. பேட்டியில் ஒருவர் தாமாகவே பேசத் தொடங்கினார். அவரை நிறுத்தியது நான்.'