வெள்ளிக்கிழமைப் பணம்

இனி பாங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ஐந்தில் ஒரு பங்கை ரொக்கமாகவோ, தங்கமாகவோ, அடகு வைக்காத சர்க்கார் பத்திரமாகவோ வைத்திருக்க வேண்டுமாம். எந்த நாளும் அலுவல் முடியும்போது அது குறையக் கூடாதாம். புதுச் சட்டம் அமலுக்கு வர இரண்டு வருஷம் ஆகும் என்றும் பத்திரிகையில் போட்டிருந்தது. 'எந்த நாளும்' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வாரத்தில் வெள்ளிக்கிழமை தவிர வேறு நாட்களும் உண்டென்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

யுத்தத்துக்கு முன்பு தென்காசியில் ஒரு சின்ன பாங்கியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கம்பிக் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதும் வேலை எனக்குத் தோதாக இருந்தது. அப்போதைய சட்டம் கேட்டது மிகவும் கொஞ்சம். கேட்டவுடன் கொடுக்க வேண்டிய டெபாசிட்டில் நூற்றுக்கு ஐந்து ரூபாய், தவணை டெபாசிட்டில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். இதை ரொக்கமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கடன் கொடுக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையில் எவ்வளவு இருந்தது என்று மாதத்துக்கு ஒரு தடவை கம்பெனி ரிஜிஸ்திராருக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

அந்த ஐந்து ரூபாயையும் எங்கள் முதலாளியால் விட்டுவைக்க முடியவில்லை. பெட்டியில் கிடக்கும் பணம் தூங்குகிற பணம் என்பார். அதை எழுப்பி, குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு வாடகைக்கு விடப் பங்களா கட்டிய தன் மைத்துனருக்குக் கொடுத்துவிடுவார். பங்களா மாடி மாடியாக உயர்ந்தது. எங்கள் பெட்டியில் அடித்தகடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஓர் ஏற்பாடு இருந்தது. கடைத்தெரு நெல் மண்டிக்காரர் அன்று காலையில் ஒரு பை நிறைய நோட்டைத் தன் கணக்கில் கட்டுவார். சனிக்கிழமை காலையில் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். அவர் கட்டியதும் டெபாசிட்தான், அதற்கும் நூற்றுக்கு ஐந்து ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் நூறு ரூபாய் உள்ளே வந்தால் ஐந்து போக மிச்சம் தொண்ணூற்றைந்து பழைய ஓட்டையை அடைக்குமே. ஒரு நாள் வாசத்துக்கு அவருக்கு வட்டி உண்டு.

வெள்ளியன்று யாராவது பணம் எடுக்க வந்தால் முதலாளி கைகூப்பி, வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளியே அனுப்பலாமா என்று கேட்பார். ஊரும் சரியென்று போய்விடும். சர்க்காருக்கே லட்சுமியின் கிழமை தெரிந்திருக்கிறது என்று எங்களிடம் பெருமைப்படுவார்.

ஒரு வெள்ளியன்று மேலகரத்துப் பட்டாளக்காரர் வந்தார். முதல் ஜெர்மன் சண்டைக்குப் போய்வந்தவர். நானூறு ரூபாய் தவணை டெபாசிட் முதிர்ந்திருந்தது. இரண்டு மரக்கால் விதைப்பாடு வயலுக்கு அச்சாரம் கொடுத்திருந்தார். மறுநாள் பத்திரப்பதிவு. பாக்கியைக் கட்டாவிட்டால் வயலும் போகும், அச்சாரமும் போகும். முதலாளி லட்சுமியைச் சொன்னார். பட்டாளக்காரர் கம்பி வழியாக மேசைமேல் இருந்த நோட்டுக் கட்டுகளைப் பார்த்தார். வந்த வழியே போனார்.

சனிக்கிழமை கதவு திறக்கும்போதே வாசலில் நின்றார். பின்னாலேயே காலிப் பையோடு மண்டிக்காரர். முதலாளி பட்டாளக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, கட்டுகளை மண்டிக்காரர் பக்கம் தள்ளினார்.

"அது நேத்து நான் பாத்த பணம்லா?" என்றார் பட்டாளக்காரர்.

"அண்ணாச்சி, இது என் பணம்வே," என்றார் மண்டிக்காரர்.

"நேத்து பாங்கிப் பணம், இன்னைக்கு உம்ம பணமா? லட்சுமிக்கு ஒரு ராத்திரி தங்குததுக்குத்தான் இங்கன இடமோ?"

பட்டாளத்துக் குரல். வாசலில் ஆட்கள் கூடினார்கள். கூடியவர்களில் பாதிப் பேருக்கு எங்களிடம் டெபாசிட் இருந்தது. பெட்டியில் தன் பணத்தைத் தவிர வேறு இல்லை என்ற உண்மையை மண்டிக்காரர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே அத்தனை பேரும் கூண்டை மொய்ப்பார்கள், அவர் பணமும் சேர்ந்து போகும். முதலாளி கட்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். அவற்றிலிருந்து நானூறு ரூபாயை எண்ணி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த இன்னும் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கும் அதிலிருந்தே போயிற்று. மண்டிக்காரர் பைக்குக் கால்வாசிதான் மிஞ்சியது.

அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. வெள்ளிதோறும் வட்டி வாங்கியபோது, தானும் இங்கே ஒரு டெபாசிட்காரர்தான் என்பது அவருக்குத் தோன்றியதேயில்லை.

"மிச்சம் எப்பம் கிடைக்கும்?" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி பெட்டியை மூடினார்.

பட்டாளக்காரர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பதிவாபீசுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, மண்டிக்காரருக்குப் பதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வாரும்வே. அன்னைக்குத்தான் இங்கன பெட்டி நிறைஞ்சிருக்கும்."