மாதிரிப் பெயர்

பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தில் அபிநயாவுக்குக் கையேடு செய்யும் வேலை. உறுப்பினர் பதிவுச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாக அடுக்கி, எங்கே தொட வேண்டும் என்று காட்டியிருந்தாள். பெயர்க் கட்டத்தில் மாதிரியாக ‘சிவக்குமார்’ என்றிருந்தது.

தறி ஓட்டும் அங்காளம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “இது ஆம்பளைங்களுக்குங்க சாமி” என்று திருப்பிக் கொடுத்துப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே மற்றப் பெண்களும் போனார்கள்.

தறியில் பாதிப்பேர் பெண்கள். மாதிரி என்றால் ஆண்தான் என்று விதித்தவன் எவன்? அபிநயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணினியில் பழைய பெயரை வெள்ளையால் மறைத்து ‘அங்காளம்மாள்’ என்று அடித்தாள். சாம்பல் கட்டத்தில் வெள்ளைத் திட்டு, அதன்மேல் தடித்த கறுப்பெழுத்து. பொய்ச் சான்றிதழ் போலிருந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். கட்டத்தின் சாம்பலையே எடுத்துப் பூசினாள். கீழே ‘ஊர்’ என்ற கட்டத்திலிருந்த எழுத்துருவையும் அளவையும் நிறத்தையும் கொடுத்து, அதே இடது ஓரத்தில் நிறுத்தினாள். நீளமான பெயர் என்று எழுத்துகளை நெருக்கியதும் பெயருக்கே மூச்சு முட்டியது போலாயிற்று. பழைய இடைவெளியையே விட்டாள். பெயர் கட்டத்துக்குள் தாராளமாக அமர்ந்தது. மாற்றியவளுக்கே மாற்றிய இடம் தெரியவில்லை, திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சிட்ட தாளை அங்காளம்மாள் துணியில் பழுது தேடுவதுபோல் விரலால் தடவினாள்.

“ஏனுங்க, ஒட்டே தெரியலீங்களே! எம்பேரு அதுக்குள்ளயே பொறந்தாப்புல இருக்குதுங்க!”

இமைக்காமல் பார்த்தவள், மடியிலிருந்த போனை எடுத்து நீட்டினாள்.

“எங்கீங்க சாமி அமுக்கோணும்?”