பதினாலு பக்க மினிட்ஸும் நாற்பத்தொரு மல்லாட்டையும்

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயிகள்தான் அதன் உறுப்பினர்கள். நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். மினிட்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோயம்பேட்டில் மூட்டை தூக்கி, பெங்களூரில் மேசை துடைத்து, போர் போடும் லாரியோடு சத்தீஸ்கர் வரை போய், கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்த வேலை இது.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் பனமலைப் பக்கத்து டைரக்டர் அம்மா படியேறி வந்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நிறுத்த, ஜெயித்து வந்தவர். எங்கள் போர்டில் இருக்கும் ஒரே பெண். வந்து இரண்டு கூட்டம்தான் ஆகியிருந்தது, இரண்டிலும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, ராஜினாமா லெட்டர் ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அதான் விஷயமே. உக்காந்துட்டுப் போறன். கையெழுத்துப் போடறன். இன்னாத்துக்குப் போட்டன்னு ஊர்ல கேட்டா சொல்லத் தெரியல. அனுப்பினவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

பையிலிருந்து போன கூட்டத்தின் மினிட்ஸ் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினாலு பக்கம். நான் அடித்ததுதான். இரண்டாம் பக்கம் வரை ஓரம் மடங்கி அழுக்காகியிருந்தது. அதற்குப் பிறகு புதுத்தாள் போலவே இருந்தது.

அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குப் போர் லாரி ஞாபகம் வந்தது. சத்தீஸ்கரில் போர் மெஷின் ஓட்டுகிற டிரில்லர் கத்திய ஒரு வார்த்தை, குழாயை விடு என்பது அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியாது. இடது கைச் சுண்டுவிரலில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. வந்த முதல் நாளே அந்த நாலைந்து வார்த்தைகளை யாராவது சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கு அது பழகிப்போன வார்த்தை. இங்கே அந்த டிரில்லர் நான்தான்.

"லெட்டரை எப்படியும் அடுத்த கூட்டத்துலதான் வெக்கணும். பத்து நாள் இருக்குது. அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை செய்ங்க. இதைச் சத்தமாப் படிங்க. எங்க நிக்கறீங்களோ அங்க இதுல ஒண்ணு போடுங்க" என்று, மாதிரிக்கு வந்திருந்த மல்லாட்டை மூட்டையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அவர் முன்னால் வைத்து, ஒரு டம்ளரையும் நகர்த்தினேன்.

சிரித்தார். "பரீட்சையாண்ணா?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு."

படித்தார். டிங், டிங் என்று விழுந்துகொண்டே இருந்தது. டி.ஐ.என்., ஒன்று. டி.எஸ்.சி., ஒன்று. சி.பி.பி.ஓ., ஒன்று. கோரம், ஒன்று. விழ விழ நான் சொல்லையும் அது வரும் தீர்மான எண்ணையும் குறித்துக்கொண்டேன். பதினாலாம் பக்கம் முடிந்ததும் எண்ணினோம். நாற்பத்தொன்று. எண்ணி முடித்து அவர் இரண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே ஒரு பட்டியல் அடித்து பனமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"டி.ஐ.என். போட்டு டைரக்டர் ஐடென்டிஃபிகேஷன் நம்பர்னு எழுதியிருக்கீங்க. சுருட்டின பாயை விரிச்சுட்டீங்க, சரி. உக்கார எடத்தக் காணமே அண்ணா."

அவர் சொன்னது நியாயம். விரிவு எழுதினால் அர்த்தம் எழுதியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் அது என்ன, நம்மிடத்தில் எதற்கு வருகிறது, எந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்று எழுதினேன். டி.ஐ.என். என்றால் டைரக்டர் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் நிரந்தர எண், பதவி போனாலும் எண் மாறாது. டி.எஸ்.சி. என்பது கணினியில் கையெழுத்துப் போடும் அனுமதி, பென்டிரைவ் போன்ற ஒன்றில் வரும், அதை அடுத்தவர் கையில் கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆள் கணக்கு, நம் போர்டில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது மூன்று பேர். தெரியாததை எங்கள் சி.இ.ஓ.வான சின்ன வயது மேடத்திடம் கேட்டேன். சலிக்காமல் சொன்னார். சிலதுக்கு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். முதலில் அகர வரிசையில் வைத்திருந்தேன். படிக்கிறவர் மினிட்ஸோடு சேர்ந்தே நகரட்டும் என்று பிறகு சொல் வரும் வரிசைக்கு மாற்றினேன். மூன்று பக்கம் ஆயிற்று. இணைப்பு என்று தலைப்பிட்டு, மினிட்ஸின் பின்னால் குத்தி எல்லா டைரக்டர்களுக்கும் அனுப்பினேன்.

கூட்டத்தன்று எல்லோர் கையிலும் அது இருந்தது. தலைவர் மேல்மலையனூர் பக்கத்துக்காரர், நல்ல உடம்பு, நல்ல குரல். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"இன்னாய்யா, எங்களுக்கும் சேத்து அனுப்பிட்ட? நாங்கல்லாம் பழைய ஆளுங்க."

பக்கத்திலிருந்தவர் விடவில்லை. "அப்ப சி.பி.பி.ஓ.ன்னா இன்னான்னு பாக்காம சொல்லு தலைவரே."

தலைவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். "நம்மள ஆரம்பிச்சு வெச்சு, கூட இருந்து நடத்தக் கத்துக்குடுக்கிற அமைப்பு. நேத்துதான் இதுல படிச்சன். இத்தினி வருசமா அவங்க ஆபீஸ்லருந்து அந்தப் புள்ளாண்டான் வர்ற ஜீப்புக்குத்தான் அந்தப் பேருன்னு நெனச்சன்."

அறையே சிரித்தது. பனமலை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தபடி இருந்தார். சிரிப்பு அடங்கியதும் மெதுவாக, "இது தப்புங்க" என்றார்.

மேடம் திரும்பினார். "எதும்மா?"

"முப்பத்திரண்டாவது. டி.எஃப்.எல். விதை. அரசு சோதிச்சு சான்று குடுத்த விதைன்னு போட்டிருக்குது. தீர்மானத்துல பச்சைச் சீட்டு மூட்டைன்னு இருக்குதே, அதானே இது?"

"ஆமா."

"சான்று விதைக்கு நீலச் சீட்டு. அதுக்கு ஆபீசருங்க பயிர் நிக்கிற கொல்லிக்கே வந்து பாத்துட்டுப் போவாங்க. பச்சைக்கு யாரும் வர மாட்டாங்க. சீட்டுல எழுதியிருக்கிறது விக்கிறவங்க குடுக்கிற வாக்கு, அவ்ளோதான். நல்ல மூட்டையும் இருக்கும். ஆனா இதைப் படிச்சிட்டு எங்க பொம்பளைங்க சர்க்காரே பாத்த விதைன்னு நம்பி மொத்தமாப் போட்டுடுவாங்க. மொளைக்கலன்னா வெதைக்கிற அந்தப் பட்டமே போச்சு."

நாற்பத்தொன்றில், எனக்கே தெரியும் என்று யாரிடமும் கேட்காமல் எழுதிய ஒரே சொல் அது. அதே தீர்மானத்தில் சான்று விதையும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். "என் தப்புதாங்க" என்றேன். மேடம் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது சரி. டி.எஃப்.எல்.னா உண்மைநிலை விதை, சான்று விதை இல்ல. இணைப்பை நானும் ஒரு தடவை பாத்திருக்கணும்" என்றார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, அப்ப இன்னா பண்ணலாம்? நீயே சொல்லும்மா."

"மூட்டையைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணா வந்த ஒவ்வொரு லாட்லயும் நூறு விதை எடுத்து ஈர மணல்ல போட்டுப் பாக்கலாம். மொளைச்சத எண்ணி எல்லாருக்கும் சொல்லிட்டு அப்புறம் குடுக்கலாம்."

"எழுதிக்கய்யா" என்றார் தலைவர் என்னிடம். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் பனமலை அம்மாவின் பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் எந்தத் தீர்மானத்திலும் நான் எழுதியிராத பெயர். வழிமொழிய மூன்று பேர் கை தூக்கினார்கள். ஒருவர் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து டீ வந்தது. அம்மா டம்ளரோடு என் மேசைக்கு வந்தார். லெட்டர் விஷயத்தைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"முப்பத்திரண்டைத் திருத்திட்டு எனக்கு இருபது காப்பி வேணும் அண்ணா. நாளன்னிக்கு எங்க குழு கூடுது."

"இப்பவே போடறன்."

"அவசரப்படாம போடுங்க" என்றார். "இந்தத் தடவ யாரையாவது கேட்டுக்கிட்டு."