இசைவாணிக்கு இன்னும் மாத்திரை இல்லை

குமராட்சிப் பெண் எழிலரசி கடலூர் செம்மண்டலத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2005இல் இரண்டாவது பிரசவத்துக்குச் சிதம்பரம் போனபோதுதான், ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. காய்ச்சலோ காமாலையோ அவளுக்கு வந்ததே இல்லை. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

பையன் பிறந்த சில மணி நேரத்திலேயே இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். ஒன்று தடுப்பூசி, இன்னொன்று கிருமியை உடனே தடுக்கும் மருந்து. குடிகாடு தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கணவர் அன்பரசுக்குத் தொற்று இல்லை. அவரும் மூன்று ஊசி போட்டுக்கொண்டார்.

மூத்தவள் இசைவாணிக்கு அப்போது ஆறு வயது. அவள் பிறந்த நேரத்தில் யாரும் எழிலரசியைச் சோதித்துப் பார்க்கவில்லை. இப்போது எடுத்த ரத்தத்தில் அவளுக்கும் கிருமி இருந்தது.

இருவருக்கும் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். எழிலரசிக்குப் புரியவில்லை.

"நோய் இருக்குன்னு சொல்றீங்க, மருந்து வேணாங்கறீங்களே சார்."

"கல்லீரல் இப்ப நல்லா இருக்கும்மா. கெட ஆரம்பிச்சாதான் மாத்திரை. அது தெரியத்தான் பாத்துக்கிட்டே இருக்கோம்."

ஒருமுறை வந்திருந்த நாத்தனார் விருத்தாம்பாள் இசைவாணியின் தட்டைத் தனியாக வைத்தாள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, பிளேடு, பிரஷ், நகவெட்டிதான் தனித்தனி என்று அன்பரசு சொல்லிவிட்டு, மகளின் தட்டிலேயே எடுத்துச் சாப்பிட்டார்.

ஆனால் எழிலரசியால் அப்படி இருக்க முடியவில்லை. சில வருஷம் கழித்து ஒருநாள் இசைவாணி விழுந்து முட்டியில் ரத்தம் வந்தபோது, தம்பி துடைக்க ஓடினான். "தொடாதடா" என்று எழிலரசி கத்திவிட்டாள். ஊசி போட்ட பையன், பிறகு சோதித்து எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதென்று டாக்டர் சொன்ன பையன். அவளுக்கும் அது தெரியும். அதற்கப்புறம் அடிபட்டால் இசைவாணி யாரிடமும் சொல்வதில்லை. தானே கழுவி, தானே துணி கட்டிக்கொண்டாள்.

2010இல் எழிலரசியின் ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எண் இயல்பைப்போல மூன்று மடங்கு ஏறியது. சில மாதம் கழித்தும் இறங்கவில்லை. கிருமியும் ஏராளமாக இருந்தது. ஊசியால் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்ததில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

"இதையே இசைவாணிக்கும் குடுத்தா வராம தடுக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

கல்லீரல் இன்னும் கெடாததால் அவளுக்கு இப்போது கொடுத்தால் பலன் குறைவு, வருஷக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கும், காத்திருப்பதுதான் நல்லது என்றார் டாக்டர். தினமும் தன் மாத்திரையை விழுங்கும்போது எழிலரசி மகளைப் பார்க்கமாட்டாள்.

2012க்குள் எழிலரசியின் ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தது. அந்த வருஷம் பதிமூன்று வயது இசைவாணியின் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினார்கள். நார்மல் என்று எழுதியிருந்தது.

"நார்மல்னா எனக்கு சரியாயிடுச்சாம்மா?"

"இல்லடி. இன்னும் ஆரம்பிக்கலன்னு அர்த்தம்."

இசைவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழிலரசி ரிசல்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.