பஸ் ஏறிய பிறகு வரும் கேள்வி

துபாய்க்குப் போகும் முன் என் கணவர் என் போனில் ஒரு நினைவூட்டலை வைத்தார். தென்காசி வீட்டை விட்டு நான் கிளம்பியதும் அது, 'கேஸை மூடினியா?' என்று கேட்க வேண்டும். அது கேட்டதோ, நான் குற்றாலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு. எரிச்சலில் அவரிடமே போனில் சண்டை போட்டேன்.

"ஏட்டி, சார்ஜை மிச்சம் பிடிக்க அது நீ இருக்க எடத்த செல்போன் டவரை வச்சுத் தோராயமாத்தான் பாக்கும். ஜிபிஎஸ்ஸ எந்நேரமும் ஓடவிட்டா தெருமுனையிலயே கேக்கும். ஆனா சாயங்காலத்துக்குள்ள போன் செத்துரும்" என்றார்.

சாயங்காலம்தான் அவர் கூப்பிடும் நேரம். பிந்தியே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். பல நாள் பாதி வழியில் இறங்கி, அடுப்பைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

இப்போது அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூப்பிடுகிறார். மற்ற நாட்களில், நான் மிச்சம் பிடித்த சார்ஜ் படுக்கும்போதும் அப்படியே இருக்கிறது.