சதுர அலைக்கு ஐந்து வோல்ட்

ஆபீஸில் அவளுக்கு வைத்த பேர் தசமம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை உயிரே போனாலும் விடமாட்டாள் என்று எவனோ வைத்தது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறியதும் கேஸை மூடினோமா என்று வீட்டுக்காரருக்குப் போன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அந்த மனுஷர் எங்காவது ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து பொறுமையாகப் பதில் சொல்வார்: "மூடிட்டேம்மா. நான் மூடினதை உன் பொண்ணு பார்த்தா. அவ பார்த்ததை நான் பார்த்தேன். போதுமா?" அவளுக்குப் போதாது. ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத பிறவி அது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏற்ற வேலையும் வாய்த்திருந்தது. மின் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சின்ன ஆய்வகம். இரண்டாவது மாடியில் மூன்று மேஜை, இருபத்துமூன்று டிகிரியிலேயே நிற்க வேண்டிய ஏ.சி., சுவரில் அதைக் கண்காணிக்க ஒரு வெப்பமானி. ஊரார் கருவிகள் வரும். அவை சொல்வது நிஜமா என்று அவள் பார்த்து எழுதுவாள். பதினோரு வருஷமாக அளப்பது அவள், அடியில் கையெழுத்துப் போடுவது மேனேஜர். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வயரைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் எழுதியதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அவர் சரக்கென்று கிறுக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே எரியும். நியாயமான எரிச்சல்தான்.

அந்த எரிச்சலுக்கு ஒரு முடிவு வருகிற மாதிரி இருந்தது. ஆய்வகத்துக்கு அங்கீகாரம் தரும் அமைப்பிலிருந்து வியாழக்கிழமை மதிப்பீடு செய்ய ஒரு அசெஸர் வருகிறார், பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்ப்பார், திருப்தி என்றால் கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்கு. அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் மனசு போகவில்லை. பேப்பரில், பெட்டி மூடியில், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எல்லாம் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். பொண்ணு அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கையெழுத்தா, புழு ஊர்ந்ததா?" என்று கேட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கருவிகளைப் போட்டுவிட்டாள். அதிர்வெண்ணை எண்ணும் ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் சூடேறி நிலைக்க அரை மணி நேரமாவது வேண்டும். பத்து மணிக்கு அசெஸர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அவளுக்கு இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேனேஜர் பின்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். சரிபார்க்க எடுத்தது ஆய்வகத்தின் சொந்த ஃபங்ஷன் ஜெனரேட்டர். விதவிதமான அலைகளைத் தரும் பழைய மாடல் பெட்டி அது, முகப்பில் அதிர்வெண்ணும் உச்சியிலிருந்து உச்சிக்கு எத்தனை வோல்ட் என்பதும் தெரியும்.

முதலில் அதிர்வெண். ஆயிரம் ஹெர்ட்ஸ் வைத்துக் கவுன்ட்டரில் மாட்டினாள். 1004.3 என்று நின்றது. இருபது ஹெர்ட்ஸ் வரை விலகலாம் என்பதால் அது பிழையில்லை. பத்து ஹெர்ட்ஸுக்கு வந்தபோது அசெஸர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஏன் பட்டனை மாத்துறீங்க?"

"பத்து ஹெர்ட்ஸை ஒரு செகண்ட் எண்ணினா பத்துதான் சார் வரும். ஒண்ணு கூடக் குறைய எண்ணிட்டா பத்து சதவீதம் தப்பாயிடும். அதனால ஒரு அலைக்கு எவ்வளவு நேரம்னு அளந்து, ஒண்ணை அதால வகுத்துக்குவேன்."

99.62 மில்லிசெகண்ட். 10.04 ஹெர்ட்ஸ். அசெஸர் தலையை லேசாக ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். பின்னால் மேனேஜர் விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது.

அடுத்தது அலையின் உயரம். வயர் முனையில் ஐம்பது ஓம் தடையான டெர்மினேட்டரை மாட்டினாள். அது இல்லாவிட்டால் இந்தப் பெட்டி சொல்வதைப் போல இரண்டு மடங்கு காட்டும். அதற்குப் பக்கத்தில் மேஜை மல்டிமீட்டர். தன் வருஷாந்தரச் சரிபார்ப்புக்காக வெளியூர் போயிருந்த மீட்டர் அது, போன மாதம்தான் திரும்பியிருந்தது. நூறு ஹெர்ட்ஸ், பத்து வோல்ட், சைன் அலை. மீட்டர் உச்சியை அளக்காது, ஆர்.எம்.எஸ். என்ற பயனளவைத்தான் காட்டும்; அந்தக் கணக்கில் வர வேண்டியது 3.536. வந்தது 3.531. அழகாக இருந்தது. சதுர அலைக்கு மாற்றினாள். வர வேண்டியது ஐந்து.

4.50 வந்தது.

வயரை அழுத்திப் பார்த்தாள். 4.50. டெர்மினேட்டரைக் கழற்றி மாட்டினாள். அதே 4.50. முகப்பில் பத்து வோல்ட் என்று பெட்டி சாதித்துக்கொண்டிருந்தது. அசெஸர் பேனாவை எடுக்கவில்லை, காத்திருந்தார்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. போன மாதம் இந்த மேஜை மீட்டர் இல்லாத பத்து நாளில் கையடக்க மீட்டரை வைத்துத்தான் வேலையை ஓட்டினாள். அந்தக் கையடக்க மீட்டருக்கும் சான்றிதழ் இருந்தது, சைன் அலைக்கு அது துல்லியம். ஆனால் அது நிஜமான ஆர்.எம்.எஸ். மதிப்பை அளப்பதில்லை. சராசரியை எடுத்து, வருவது சைன் அலைதான் என்று தானே முடிவு கட்டி, அதற்கான எண்ணால் பெருக்கிக் காட்டும். சதுர அலை கொடுத்தால் பதினோரு சதவீதம் கூட்டிச் சொல்லும். ஐந்து இருக்கிற இடத்தில் 5.55 என்று சொன்னது, இவளும் நம்பினாள். பெட்டியைத் திறந்து உள்ளே சதுர அலைக்கென்று இருந்த திருகைத் திருப்பி, மீட்டர் ஐந்து காட்டும்வரை இறக்கினாள். ஆய்வகத்தின் பெட்டியில் மட்டும் இல்லை. அதே மாடலில் வாடிக்கையாளர்களுடையது நான்கு வந்திருந்தன, நான்கிலும்.

ஐந்து பெட்டியிலும் ஒரே அளவு பிழை. ஐந்து பிள்ளைகளுக்கும் புள்ளி பிசகாமல் ஒரே ஜுரம் என்றால் தெர்மாமீட்டரை அல்லவா சந்தேகப்பட வேண்டும்? பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவளுக்கு அது உறைக்கவில்லை. பெட்டிகள் ஒத்துப்போவதைப் பார்த்து, வேலை சுளுவாக முடிகிறதே என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

"விலகியிருக்கு, இல்லையா?" என்றார் அசெஸர். "அப்படியும் நடக்கும். முதல்ல இருந்த அளவை எழுதிட்டு, சரிபண்ணி, பிறகு வர்ற அளவை எழுதுங்க. போதும்."

வழி திறந்தே கிடந்தது. திருகை ஏற்றினால் ஐந்து வந்துவிடும். அவர் குறித்துக்கொள்வார், மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போடுவோர் பட்டியலில் அவள் பேர் ஏறிவிடும். பின்னால் மேனேஜர் மெதுவாகச் செருமினார், அந்தச் செருமலின் அர்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால் மேஜைக்கடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இது தானா விலகல சார். நான்தான் கெடுத்தேன்."

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. கையடக்க மீட்டர், பதினோரு சதவீதம், நான்கு பெட்டிகள், நான்கு சான்றிதழ்கள், எல்லாவற்றையும் கொட்டினாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அசெஸர் கடைசிவரை கேட்டுவிட்டு நிதானமாக எழுதினார். நான்கையும் திரும்ப அழைக்க வேண்டும், எப்படி நடந்தது என்று அறிக்கை வேண்டும், கையெழுத்து உரிமையை இப்போதைக்குப் பரிந்துரைக்க முடியாது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். போகும்போது காலணியை மாட்டிக்கொண்டே, "நல்லா வேலை செய்றீங்க" என்றார். அது அவளுக்கு எரிகிற இடத்தில் உப்பைப் போட்டதுபோல் இருந்தது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?" என்றார் மேனேஜர். "நாளைக்கு நாமளே ஒவ்வொண்ணா வரவழைச்சுச் சரிபண்ணியிருக்கலாமே. இப்பப் பாரு. நீயே எல்லாருக்கும் போனைப் போடு."

போட்டாள். முதல் இடம் ஒரு கல்லூரி. லீவு விட்டதால் பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம். இரண்டாவது இடத்தில் சைன் அலை மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது ஆள், இதுக்கெல்லாமா போன் என்று சிரித்தே விட்டார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நான்காவது, மோட்டாரின் வேகத்தைக் கவனிக்கும் சர்க்யூட் போர்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அவள் சொல்லச் சொல்ல மறுமுனையில் சூப்பர்வைசர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

"சதுர அலையா? அதை வச்சுத்தானேம்மா எங்க போர்டை டெஸ்ட் பண்றோம். நாலே முக்கால் வோல்ட்டுக்குக் கீழ போனா போர்டு எழுந்திருக்காது."

"உங்களுக்கு நாலரைதான் சார் வந்திருக்கும்."

"ஒரு மாசமா போர்டு எல்லாம் ஃபெயிலு ஃபெயிலுன்னு ஒரு பொண்ணு தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அதே போர்டை வேற மேஜையில போட்டா ஓடுது. சிக்னல்தான் சார் கம்மியா இருக்குன்னு அது அப்பவே சொல்லிச்சு." அவர் தயங்கினார். "சான்றிதழ் இருக்கிற பெட்டியக் குறை சொல்றியான்னு கேட்டோம். கை சரியில்லன்னு எழுதி பேக்கிங்குக்கு மாத்திட்டோம்."

மேஜைமேல் அந்தச் சான்றிதழின் நகல் கிடந்தது. சதுர அலை, 5.00, விலகல் இல்லை. தசமம் இரண்டு இடம் வரை சுத்தமாக இருந்தது. எங்கோ ஒரு பொண்ணு சரியாகப் பார்த்து, சரியாகச் சொல்லி, இந்தக் காகிதத்தால் வாயடைக்கப்பட்டு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் தான் எதற்காகப் பொருமினாளோ, அதையே இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுங்க சார்."

"இப்பவா?"

"இப்பவே."

டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. யாரோ கூப்பிடுவது கேட்டது. பிறகு, "ஹலோ?" என்று ஒரு சின்னக் குரல்.

"நான் சரிபார்க்கிற இடத்துலேர்ந்து பேசுறேன். நீ பார்த்ததுதான் சரிம்மா. சிக்னல் கம்மியாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல்வரை போய், போன் வயர் எட்டாமல் திரும்பி வந்தாள்.

"நான் சொன்னா இங்க நம்பமாட்டாங்கக்கா," என்றது அந்தக் குரல். "எழுதிக் குடுப்பீங்களா?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார், வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆய்வகத்தின் பேர் அச்சடித்த தாளை அவர் தரப்போவதில்லை. அவள் தன் நோட்டிலிருந்து ஒரு வெற்றுத்தாளைக் கிழித்தாள். என்ன அளந்தேன், எதை வைத்து அளந்தேன், எப்படித் தவறினேன், அந்தப் பெண் பார்த்தது ஏன் சரி என்று நான்கு வரி எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். திருத்தமாக, யாருக்கும் புரிகிற மாதிரி.

"எழுதிட்டேம்மா," என்றாள். "நானே கொண்டுவர்றேன்."