பக்கத்து வீட்டுக்குப் போட்ட காகிதம்: ஆரணியில் ஐந்து நாள்

ஆரணிக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புடவை எடுக்கவா?" இல்லை. எலினைப் பார்க்க. எலின் ஸ்வீடன்காரி. இரண்டு வருடம் முன்பு ஹம்பியில் ஒரே வாடகைக் காரைப் பங்கு போட்டுக்கொண்டதில் தொடங்கிய பழக்கம். இந்த ஜனவரியில் அவளும் கணவன் யோனாசும் எட்டு மாதக் குழந்தை ஆல்மாவும் ஆரணியில் நான்கு மாதத்துக்கு வீடு எடுத்திருந்தார்கள். யோனாஸ் துணி வடிவமைப்பாளன், பட்டுத்தறி கற்றுக்கொள்ள வந்தவன். பொங்கல் முடிந்த கையோடு எலினிடமிருந்து செய்தி வந்தது: "நீ வருவதாக இருந்தால் சீக்கிரம் வா. நாங்கள் ஊரைவிட்டுப் போனாலும் போய்விடுவோம்."

கோவையிலிருந்து இரவு ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் பேருந்து நிலையம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் என்றார்கள், ஒன்றரை ஆனது. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்காராதீர்கள், சக்கரத்தின் மேல் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து எலின் வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நூறு கேட்டவரிடம் நான் அறுபது சொல்லி, இருவரும் சிரித்துக்கொண்டே எண்பதில் நின்றோம்.

வீட்டு வாசலில் இறங்கும்போதே காரணம் காதில் அறைந்தது. அடுத்த வீட்டில் டைல்ஸ் வெட்டும் மெஷின். பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பதுபோல் கூசியது. அந்த வீட்டை வாங்கிக்கொண்டு புதிதாகக் குடி வந்தவர் குமரேசன், பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர். கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு மெஷின் தொடங்கும். ஆல்மா தூங்குவது ஒன்பதரைக்கு. தூங்கிய பத்தாவது நிமிடம் அலறி எழும். பகல் தூக்கம் போனதால் இரவும் போயிற்று. எலினின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். மாறவில்லை என்றால் டிக்கெட்டை மாற்றிவிட்டுக் கிளம்புகிறோம்" என்றாள். யோனாசுக்குப் போக மனமில்லை. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் அவன் கற்றுக்கொள்ளும் தறியில் அப்போதுதான் புதுப் புடவைக்குப் பாவு நூல் ஏற்றியிருந்தார்கள்.

"அவரிடம் பேசினாயா?" என்றேன். நேரில் போய்ச் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பது எலினின் எண்ணம். அவள் ஊரில் மாடிப்படிக்குக் கீழே மரியாதையாக ஒரு காகிதம் ஒட்டிவிடுவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் தலைகுனிவு இல்லை. அவள் ஆங்கிலத்தில் எழுதி, போனில் தமிழாக்கி வைத்திருந்தாள். அது கண்ணராவியாக இருந்தது. நான் விடுவேனா? ஆற அமர உட்கார்ந்து திருத்தினேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இல்லத்தில் நடைபெற்றுவரும் கட்டுமானப் பணியால் எழும் ஒலி எங்களுக்கு இடையூறாக உள்ளது. நாள்தோறும் காலை 9.30 முதல் 11.00 வரை மேற்படி பணியைத் தவிர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." குழந்தையைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். குழந்தையைக் காட்டி இரக்கம் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்குத் தட்டச்சு செய்து வாங்கி, சாயங்காலம் குமரேசன் வீட்டு கேட்டில் செருகிவிட்டு வந்தோம். என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சத்தமே இல்லை. ஆல்மா இரண்டு மணி நேரம் தூங்கினாள். எலின் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வெற்றிக் களிப்பில் படவேடு கிளம்பினேன். சந்தவாசல் வழியாகப் பேருந்து உண்டு, போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலையடிவாரமும் வாழைத் தோட்டங்களும் சுற்றிலும் கோயில்களுமாக ஒரு முழு நாளுக்குத் தகுந்த இடம். மத்தியானத்தில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

வியாழக்கிழமையும் சத்தம் இல்லை. காலையில் மட்டுமல்ல, நாள் முழுக்க இல்லை. மேஸ்திரி வரவில்லை, மணல் குவியல் அப்படியே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை குமரேசனின் மனைவி செல்வி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாதிக் கோலத்தோடு உள்ளே போனார். எலினையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

செல்வி காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். "வக்கீல் நோட்டீஸ் மாதிரி கீதுன்னு பயந்துட்டோங்க. பிளான் அப்ரூவல்லாம் வாங்கித்தான் கட்டறோம். இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்க போலீசுல கம்ப்ளைன்ட் குடுத்தா பேஜாராயிடும்னு, அவரு வேலையவே நிறுத்திட்டாரு. மேஸ்திரியும் சேத்துப்பட்டுல வேற வேலை கெடைச்சிதுன்னு போயிட்டாரு."

"நாங்க ஒன்றரை மணி நேரம்தானே கேட்டோம்?" என்றேன்.

"ஒரு செவுரு தள்ளி இருந்துகினு, வந்து ஒரு வார்த்த சொல்லாம பேப்பர் போட்டா இன்னான்னு நெனைக்கிறதுங்க? மூஞ்சில முழிக்கவே இஷ்டம் இல்லன்னுதான நெனைப்போம்."

அந்த அறை எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். ஓசூரில் இருக்கும் மகளுக்கு அடுத்த வாரக் கடைசியில் வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறார்கள். வீட்டில் இருப்பது மாடிக் குளியலறை ஒன்றுதான். நிறைமாதத்தில் அவளைப் படியேற விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எட்டு நாள் வேலை பாக்கி. இவற்றை எலினுக்குச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. எனக்கோ அந்தக் காகிதத்தைக் கிழித்து விழுங்கிவிடலாம் போல் இருந்தது.

குமரேசன் பட்டறையில் இருந்தார். நேரில் பேசக் கூச்சப்படுவார், முதலில் போனில் ஒரு செய்தி அனுப்புங்கள் என்றார் செல்வி. மூன்று பேரும் ஒரே போனைக் குனிந்து பார்த்தபடி எழுதினோம். நான் 'ஐயா' என்று தொடங்க, செல்வி சிரித்துவிட்டு 'அண்ணா'வாக்கினார். "மொதல்ல வேலைய நிறுத்த வேணாம்னு போடுங்க. அதப் பாத்தாத்தான் மீதிய படிப்பாரு." குழந்தை விஷயத்தில் எலின் மறுபடி தயங்கினாள். நான் மொழிபெயர்த்ததும் செல்வி ஆல்மாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கொழந்தைய சொல்லாம வேற இன்னாத்த சொல்றதுங்க? சத்தம் புடிக்கலன்னா அது சண்டை. கொழந்த தூங்கலன்னா அது எங்களுக்கும் கவலதான?"

கடைசியில் போனது இதுதான். உங்களுக்கும் உதவலாம் என்று அப்படியே தருகிறேன்:

"வணக்கம் அண்ணா. பக்கத்து வீட்டு எலின். வேலைய நிறுத்த வேணாம். பொண்ணு வர்றதுக்குள்ள ரூம் முடியணும். அன்னிக்கு நேர்ல வந்து சொல்லாம பேப்பர் போட்டது எங்க தப்பு, மனசுல வச்சுக்காதீங்க. எங்க பாப்பா காலைல ஒன்பதரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் தூங்கும். முடிஞ்சா அந்த நேரத்துல கட்டிங் மெஷின் மட்டும் வேணாம். மத்த வேலை எதுவும் பரவாயில்ல. முடியாத நாள்ல முந்தின நாளே சொல்லுங்க, நாங்க பாப்பாவ தூக்கிக்கிட்டு வெளிய போயிடறோம்."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. செல்வி காபி போட்டார், குடித்தோம். பிறகு வாசலில் வண்டிச் சத்தம். குமரேசன் கையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு வந்து நின்றார். எலினைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"மெசேஜ பாத்தேங்க. மேஸ்திரிகிட்ட போன்ல சொன்னா நம்ப மாட்டேன்றாரு. போலீசு வரும்னு பயந்துகினு கீறாரு. இவங்களே வந்து சொன்னாத்தான் வருவாராம்."

ஆக, நான் திட்டமிடாத பயணம்: ஆரணி முதல் சேத்துப்பட்டு, முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குமரேசனுக்குத் தெரிந்தவரின் காரில் போக வர ஆயிரத்து இருநூறு. எலின் கொடுக்க, குமரேசன் தடுக்க, டிரைவர் "யாரானா ஒருத்தர் குடுங்க சார்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பேருந்திலும் போகலாம், செலவு மிகக் குறைவு. சேத்துப்பட்டில் பெரிய மாதா கோயில் இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள். நாங்கள் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மேஸ்திரி முருகன் வேலை செய்யும் கட்டடத்தைத் தேடினோம்.

முருகன் சாரத்திலிருந்து இறங்கவே யோசித்தார். எலின் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னாள்: "அண்ணா, வாங்க. வேலை செய்ங்க. பாப்பா தூங்கினா போதும்." அவர் குழந்தையைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவா? இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

அப்புறம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. டைல்சை வெட்டி வெட்டி ஒட்டத் தேவையில்லை. மத்தியானமே மறுநாளைக்கு வேண்டியதை அளந்து, கோடு போட்டு, மொத்தமாக வெட்டி அடுக்கிவிடலாம். காலையில் கலவை போட்டு ஒட்டுவதும் ரப்பர் சுத்தியால் தட்டுவதும்தான், பெரிய சத்தம் வராது. குழாய் பதிக்கச் சுவரைக் கொத்தும் ஒரு நாளை மட்டும் தவிர்க்க முடியாது என்றார். அந்த நாளில் பாப்பா முள்ளிப்பட்டில் செல்வியின் தங்கை வீட்டில் தூங்கட்டும் என்று குமரேசன் அங்கேயே முடிவு செய்துவிட்டார். சேத்துப்பட்டு வேலைக்கு முருகன் தன் தம்பியை வைத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டில் மறுபடி கலவை கலக்கும் சத்தம் கேட்டபோது, அது இனிமையாக இருந்தது என்று நான் சொன்னால் நம்புங்கள். ஞாயிறு மத்தியானம் ஊர் திரும்பினேன்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வீடெடுத்துத் தங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குடி புகுந்த முதல் வாரமே பக்கத்து வீட்டில் முகம் காட்டுங்கள். அங்கே எது மரியாதை, காகிதமா கதவு தட்டுவதா என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். நாங்கள் பதவிசாக நினைத்துச் செய்தது அவர்களைப் பயமுறுத்திவிட்டது. எந்தச் சத்தம், எந்த நேரம், ஏன் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். கட்டட வேலையை மொத்தமாக நிறுத்த முடியாது, ஆனால் முன்பின் மாற்ற முடியும். அவர்கள் ஏன் கட்டுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். முக்கியமாக, உங்கள் இலக்கணச் சுத்தத் தமிழை அலுவலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை வளைகாப்புக்கு முந்தின நாள் முடிந்தது. மகள் வந்துவிட்டாள். எலின் குடும்பம் கிளம்பவில்லை. போன வாரம் அவள் மறுபடி எழுதியிருந்தாள், பதற்றமாக. வேலை முடிந்து பத்து நாளாகியும், காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை அந்த வீட்டில் மிக்சி ஓடுவதில்லையாம். டிவி இல்லை. குக்கர் விசில்கூட இல்லை. நிறைமாதப் பெண் இட்லியை வைத்துக்கொண்டு சட்னிக்குக் காத்திருக்கிறாளாம். "நான் இதைக் கேட்கவே இல்லை. சத்தம் போடலாம் என்று தமிழில் மரியாதையாக எழுதித் தர முடியுமா?"

எழுதித் தரமாட்டேன் என்று பதில் போட்டேன். நாளைக்கு ஒன்பதரைக்கு ஆல்மாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அடுப்படிக்குப் போ. பசிக்கிறது, சட்னி அரைங்கக்கா என்று கேள்.